கடிகாரம் சொல்லும் எண்ணும் இதயம் தள்ளும் ரத்தமும்

எங்கள் ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறையாவது ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்து விழும். கைக்கடிகாரத் திரையில் VO2 Max என்று போட்டு, கீழே 43 என்றோ 38 என்றோ ஒரு எண். ஏறியிருந்தால் கைதட்டல் எமோஜிகள். இறங்கியிருந்தால் அடுத்த கேள்வி எப்படியும் இதுதான்: "அண்ணா, நுரையீரலை எப்படிண்ணா பெரிசாக்குறது? பிராணாயாமம் பண்ணா ஏறுமா?" சிலர் ஒரு படி மேலே போய், மூச்சைத் தடுக்கும் கறுப்பு மாஸ்க்கை வாங்கி மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள்.

பிராணாயாமம் செய்யுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அந்த எண்ணுக்கும் நுரையீரலின் அளவுக்கும் ஆரோக்கியமான ஓட்டக்காரரிடம் அநேகமாகத் தொடர்பில்லை. அது ரத்தத்தைப் பற்றிய எண். ஒரு நிமிடத்தில் எவ்வளவு ரத்தத்தை இதயத்தால் தள்ள முடிகிறது, அந்த ரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமந்து போகிறது என்பதுதான் அதில் பெரும்பகுதி. இது புரிந்துவிட்டால் எந்தப் பயிற்சி அதை ஏற்றும், எது ஏற்றாது என்பதை நாமே ஊகித்துவிடலாம்.

முதலில் எதை அளக்கிறோம் என்று பார்ப்போம். நாம் வேகத்தைக் கூட்டக் கூட்ட உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். ஒரு கட்டத்தில் வேகத்தை இன்னும் கூட்டினாலும் ஆக்சிஜன் பயன்பாடு கூடாமல் நின்றுவிடும். அந்த உச்சம்தான் விஓ2 மேக்ஸ். 1920களின் தொடக்கத்தில் மான்செஸ்டரில் ஏ. வி. ஹில் என்ற உடலியங்கியல் அறிஞர் இதைத் தன் மீதே சோதித்துப் பார்த்தார். சுமார் 85 மீட்டர் சுற்றளவுள்ள புல்தரையில் ஓடினார். முதுகில் ஒரு பெரிய ரப்பர் பை, வாயில் குழாய், வெளிவிடும் மூச்சு முழுவதும் பைக்குள். பிறகு பையில் எவ்வளவு காற்று, அதில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று அளந்தார். வயது முப்பதுகளின் நடுவில், எடை 73 கிலோ. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எவ்வளவு விரைந்தாலும் அவர் உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் நிமிடத்துக்குச் சுமார் 4 லிட்டரைத் தாண்டவில்லை. ஹார்ட்லி லப்டனுடன் சேர்ந்து 1923இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தக் கருத்து பரவியது. 4 லிட்டரை 73ஆல் வகுத்தால், ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 55 மில்லிலிட்டர். நம் கடிகாரம் காட்டும் 43க்கும் இதே அலகுதான்.

இப்போதைய ஆய்வகத்திலும் அடிப்படை மாறவில்லை. ரப்பர் பைக்குப் பதில் முகமூடி, புல்தரைக்குப் பதில் ட்ரெட்மில். இங்கே சென்னையில் ஒரு விளையாட்டு அறிவியல் ஆய்வகத்தில் நான் சோதித்துக்கொண்டேன். முதலில் மெதுவான ஓட்டம், பிறகு நிமிடத்துக்கு நிமிடம் வேகமோ சரிவோ கூடும், இனி முடியாது என்று கையைக் காட்டும்வரை. மொத்தமே பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் உச்சத்தைத் தொடும் முன்பே கால் சோர்ந்துவிடும் என்பதால் வேண்டுமென்றே சுருக்கமாக வைக்கிறார்கள்.

அறிக்கையில் என் கடைசி நிமிடக் கணக்கு இப்படி இருந்தது. உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். வெளியே வந்த காற்றில் சுமார் 17.4 சதவீதம். ஆக, கடந்துபோன காற்றில் 3.5 சதவீதம் ஆக்சிஜனை உடல் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நிமிடத்தில் வெளிவந்த காற்று, வெப்பத்துக்கும் ஈரப்பதத்துக்கும் திருத்தம் செய்த பிறகு, 85 லிட்டர். அதில் 3.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 3 லிட்டர். என் எடை 72 கிலோ. எண் 41.7. நாற்பதைக் கடந்த, வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிற சாதாரண ஆள் ஒருவனுக்கு இது சாதாரண எண்தான்.

ஆய்வகத்துக்குப் போனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தொட்டது உண்மையிலேயே உச்சம்தானா? வேகம் கூடியும் ஆக்சிஜன் கோடு தட்டையானால் சந்தேகமில்லை. பலருக்கு அந்தத் தட்டையான பகுதி வருவதே இல்லை. அதற்கு முன்பே கையைக் காட்டிவிடுகிறார்கள். அப்போது வெளிவிடும் கரியமில வாயுவுக்கும் எடுத்துக்கொண்ட ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். அது 1.1ஐத் தாண்டியிருந்தால் ஓரளவு நம்பலாம். 1.0இலேயே நின்றிருந்தால் அந்த ஆள் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கலாம் என்று அர்த்தம். அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் அந்த விகிதத்தைத் தேடுங்கள்.

இப்போது ரத்தத்துக்கு வருவோம். 1870இல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானியர் ஓர் எளிய சமன்பாட்டைச் சொன்னார். உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் என்பது, இதயம் நிமிடத்துக்குத் தள்ளும் ரத்தத்தை, ஒவ்வொரு லிட்டர் ரத்தத்திலிருந்தும் உடல் இறக்கிக்கொள்ளும் ஆக்சிஜனால் பெருக்கி வருவது. அவ்வளவுதான்.

என் 3 லிட்டரை இதில் போட்டுப் பார்க்கலாம். என் ஹீமோகுளோபின் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 14.5 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைத் தூக்கும். அந்தக் கணக்கில், நுரையீரலிலிருந்து புறப்படும் ஒரு லிட்டர் ரத்தத்தில் சுமார் 190 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கும். உச்ச ஓட்டத்தில் தசைகள் அதை வழித்தெடுத்துவிட்டு லிட்டருக்குச் சுமார் 40ஐத் திருப்பி அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். இறக்கியது 150. அப்படியானால் 3 லிட்டர் ஆக்சிஜனைக் கொண்டுசேர்க்க இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டர் ரத்தத்தைத் தள்ளியிருக்க வேண்டும். என் உச்சத் துடிப்பு 182. ஒரு துடிப்புக்கு 110 மில்லிலிட்டர், ஏறக்குறைய அரை டம்ளர்.

இந்த நான்கு எண்களில் எதை ஏற்ற முடியும்? உச்சத் துடிப்பு பயிற்சியால் ஏறாது. வயதோடு இறங்கும், அவ்வளவுதான். நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் ஏற்கெனவே ஆக்சிஜனால் ஏறக்குறைய முழுமையாக நிரம்பித்தான் வருகிறது. உச்ச ஓட்டத்தில்கூட பெரும்பாலான பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு அந்த நிரம்பல் அதிகம் குறைவதில்லை. அதனால்தான் நுரையீரலைப் பெரிதாக்கிப் பயனில்லை என்றேன். கறுப்பு மாஸ்க் மூச்சுத் தசைகளுக்கு வேலை வைக்கும், ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கும், மலைப்பகுதியின் மெல்லிய காற்றை அது உருவாக்குவதில்லை. தசைகள் இறக்கிக்கொள்ளும் பங்கு ஏற்கெனவே நான்கில் மூன்றுக்கு மேல். அதிலும் கொஞ்சம்தான் இடமிருக்கிறது.

தசை எவ்வளவு ஆசையாகக் காத்திருக்கிறது என்பதை 1985இல் ஆண்டர்சன், சால்டின் ஆகியோர் அழகாகக் காட்டினார்கள். உடம்பு முழுவதும் ஓடாமல் ஒரே ஒரு முழங்காலை மட்டும் நீட்டி மடக்கச் சொன்னார்கள். இயங்கும் தசை சின்னது. இதயத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அப்போது அந்தத் தசைக்குள் பாய்ந்த ரத்தம் கிலோவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 2.5 லிட்டர். உடம்பின் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இப்படி வாங்கிக்கொள்ள ஆரம்பித்தால் எந்த மனித இதயத்தாலும் ஈடுகொடுக்க முடியாது. ஆக, ஓட்டத்தில் குறுகலான இடம் தசையில் இல்லை. தசைக்கு வந்துசேரும் ரத்தத்தில் இருக்கிறது.

மிச்சமிருப்பது இரண்டு: ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் அளவு, ரத்தம் சுமக்கும் ஹீமோகுளோபின். நம் ஊரில் பயிற்சித் திட்டங்களைப் பேசுகிறவர்கள் இரண்டாவதைப் பேசுவதே இல்லை, அது எனக்குக் கொஞ்சம் எரிச்சல். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 13 உள்ள பெண்ணின் ஒரு லிட்டர் ரத்தம் சுமார் 170 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். அதே பெண்ணுக்கு 10 ஆகக் குறைந்தால் 130தான். இதயம் எவ்வளவு அருமையாக உழைத்தாலும் கால்வாசி சரக்கு ஏறவே இல்லை. எங்கள் குழுவில் ஒரு அக்கா, எவ்வளவு ஓடினாலும் வேகம் கூடவில்லை, மாடிப்படி ஏறினாலே படபடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆளாளுக்கு இன்டர்வல், அதாவது வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி, ஓடச் சொன்னார்கள். மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இரும்புச்சத்து மாத்திரை சில மாதம். அவருக்கு அதற்கு மிஞ்சிய பயிற்சித் திட்டம் ஒன்றும் தேவைப்படவில்லை. ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்காமல், குறிப்பாக மாதவிடாய் அதிகமுள்ள பெண்கள், பயிற்சியைக் கடினமாக்குவதில் அர்த்தமில்லை. ஆனால் சரியான அளவில் இருக்கிறவர் சும்மா இரும்பு மாத்திரை விழுங்கினாலும் பயனில்லை. அளவுக்கு மிஞ்சினால் கெடுதலும் உண்டு.

இப்போது ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் அளவு. 1966இல் அமெரிக்காவின் டல்லஸில் இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை இருபது நாள் படுக்கையிலேயே கிடக்கவைத்தார்கள். எழுந்து நடக்கவும் கூடாது. இருபது நாளில் சராசரி விஓ2 மேக்ஸ் 3.3 லிட்டரிலிருந்து 2.4 லிட்டருக்கு இறங்கியது. நுரையீரல் சுருங்கவில்லை. உச்சத் துடிப்பும் குறையவில்லை. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே போகும் ரத்தம்தான் குறைந்தது. படுத்தே கிடந்ததில் ரத்தத்தின் அளவு குறைந்து, இதயத்துக்குத் திரும்பி வருவதும் குறைந்துவிட்டது. பிறகு எட்டு வாரம் கடுமையாகப் பயிற்சி கொடுத்தார்கள். 3.9 லிட்டருக்கு ஏறியது. அதே ஐந்து பேரை முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், மறுபடியும் கூப்பிட்டுச் சோதித்தார்கள். முப்பது வருட வயது ஏறியதால் வந்த சரிவைவிட இருபது நாள் படுக்கையில் வந்த சரிவு பெரிது என்று தெரிந்தது. காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்துவிட்டு எழுந்து ஓடினால் ஏன் நாக்குத் தள்ளுகிறது என்பதற்கு இதுதான் விடை.

ரத்தம் கூடுவது எப்படி? நெடுந்தூர ஓட்டப் பயிற்சியைத் தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, கூட ஆரம்பிக்கும். சிவப்பணுக்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்லப் பின்தொடரும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் கூடினால் இடது கீழறை இன்னும் நிறைய விரிகிறது, விரிந்தது இன்னும் பலமாகச் சுருங்குகிறது. மாதங்கள் வருடங்களாகத் தொடர்ந்தால் அறையே பெரிதாகும். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சற்றுக் கொடூரமாகவே சோதித்தது. ஆறு வாரப் பயிற்சியால் விஓ2 மேக்ஸ் ஏறியவர்களின் உடலிலிருந்து, பயிற்சியில் கூடிய அளவு ரத்தத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஏறிய எண் பழைய இடத்துக்கே திரும்பியது. ஆறு வாரத்தில் கிடைத்தது ஏறக்குறைய முழுக்க ரத்தத்தின் கொடை.

அப்படியானால் எந்த ஓட்டம் இதைச் செய்கிறது? புதிதாக ஓட ஆரம்பித்தவருக்கு எந்த ஓட்டமும் செய்யும். மெதுவாக ஓடினாலே எண் ஏறும். சிக்கல் இரண்டாவது வருடத்தில்தான். வாரத்துக்கு மூன்று நாள் ஒரே கடற்கரைச் சாலை, ஒரே வேகம், பேசிக்கொண்டே ஓட்டம். எண் நகராது. இதற்கு நார்வேயின் ட்ரான்ட்ஹைமில் யான் ஹெல்கெருட் குழுவினர் 2007இல் வெளியிட்ட சோதனை நேரடியான பதில் தருகிறது. ஏற்கெனவே ஓரளவு பயிற்சியுள்ள நாற்பது ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், மொத்த உழைப்பு சமம். முதல் குழு உச்சத் துடிப்பின் 70 சதவீதத்தில் 45 நிமிடம் நிதானமாக ஓடியது. இரண்டாவது 85 சதவீதத்தில் சுமார் 24 நிமிடம் ஓடியது. மூன்றாவது பதினைந்து விநாடி விரைந்து பதினைந்து விநாடி தளர்ந்து ஓடியது. நான்காவது நான்கு நிமிடம் 90 முதல் 95 சதவீதத்தில் ஓடி, மூன்று நிமிடம் மெதுவாக ஓடி, அதையே நான்கு முறை செய்தது. முதல் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடும்படி ஏறவில்லை. மூன்றாவதுக்கு 5.5 சதவீதம், நான்காவதுக்கு 7.2 சதவீதம். ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் இந்த இரண்டு குழுவிலும் சுமார் 10 சதவீதம் கூடியது.

இதைப் பார்த்துவிட்டு நிதான ஓட்டம் வீண் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே மொத்த உழைப்பைச் சமமாக்கினார்கள். நிஜ வாழ்க்கையில் நிதான ஓட்டத்தை இரண்டு மடங்கு மூன்று மடங்கு ஓட முடியும், நான்கு நிமிட இன்டர்வலை அப்படிக் கூட்ட முடியாது. கால் தாங்காது. நிதான ஓட்டத்தில்தான் தசைநார்களும் எலும்பும் பழகுகின்றன, ரத்தமும் கூடுகிறது. வாரத்தில் மூன்று நான்கு நிதான ஓட்டம், ஒரு முறை அல்லது மிஞ்சினால் இரண்டு முறை இந்த நான்கு நிமிட ஓட்டம் என்பதுதான் நம்மைப் போன்றவர்களுக்குத் தாங்கும்.

என் கணக்கில் செய்து பார்ப்போம். உச்சத் துடிப்பு 182. அதில் 90 சதவீதம் 164, 95 சதவீதம் 173. முதலில் பத்து நிமிடம் 125, 130 துடிப்பில் உடலைச் சூடேற்ற வேண்டும். பிறகு முதல் நான்கு நிமிடம். தொடங்கிய உடனே துடிப்பு 164ஐத் தொடாது. ஒன்றரை இரண்டு நிமிடம் எடுக்கும். அதுதான் சரி. முதல் நிமிடத்திலேயே 164ஐத் தொட வேண்டும் என்று பாய்ந்தால் மூன்றாவது நிமிடத்தில் கால் கனத்து, நான்காவதில் நடக்க வேண்டிவரும். நான்கு நிமிடமும் ஒரே வேகம். அதன் கடைசி நிமிடத்தில் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச வராது, ஆனால் இன்னும் ஒரு நிமிடம் கட்டாயப்படுத்தினால் ஓடியிருப்பேன் என்று தோன்ற வேண்டும். இடையிலுள்ள மூன்று நிமிடம் நிற்கக் கூடாது, மெதுவாக ஓட வேண்டும். நின்றால் ரத்தம் காலில் தங்கி இதயத்துக்குத் திரும்புவது குறையும், தலையும் சுற்றும்.

சரியாகச் செய்தோமா என்பதற்கு ஒரே ஒரு சோதனை போதும்: நான்காவது சுற்றில் போன தூரம் முதல் சுற்றின் தூரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். நான்காவது குறைந்தால் முதலாவது மிக வேகம். அடுத்த வாரம் கிலோமீட்டருக்குப் பத்து விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டு மெதுவாகத் தொடங்குங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், நெஞ்சு வலி வருகிறவர்கள், வீட்டில் இளம் வயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால் இந்த வகை ஓட்டத்தைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள்.

சென்னையில் இதற்கு இன்னொரு தொல்லை, வெயில். ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறரை மணிக்கே உடல் சூட்டைத் தணிக்க ரத்தத்தில் ஒரு பங்கு தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. வியர்வையில் பிளாஸ்மாவும் குறைகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைய, ஒரு துடிப்பின் அளவும் குறைகிறது. அதை ஈடுகட்டத் துடிப்பு ஏறுகிறது. கடிகாரம் 168 காட்டும். நீங்களோ நிதான வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். துடிப்பு எண் சரிதான், ஆனால் நாம் தேடி வந்தது நிரம்பி விரியும் இதயம், அது கிடைக்கவில்லை. இன்டர்வல் நாளை மட்டும் ஐந்து மணிக்கோ, ஏசி உள்ள ட்ரெட்மில்லிலோ வைத்துக்கொள்வது நல்லது.

மணிக்கட்டிலிருந்து பச்சை விளக்கால் துடிப்பைப் படிக்கும் கடிகாரங்களுக்கு இன்டர்வலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. துடிப்புக்குப் பதிலாகக் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். ஓட்டம் தொடங்கிய இருபதாவது விநாடியில் 172க்குப் போய் அங்கேயே ஆடாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். உங்கள் காலடி வேகமும் நிமிடத்துக்கு 172ஆக இருந்தால் சந்தேகமே வேண்டாம். மார்புப் பட்டை வாங்கியவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

இங்கிருந்து அந்த ஸ்கிரீன்ஷாட் எண்ணுக்கு வரலாம். கடிகாரம் உங்கள் மூச்சை அளக்கவில்லை. குறிப்பிட்ட வேகத்தில் உங்கள் துடிப்பு எவ்வளவு என்று பார்த்து, அந்தக் கோட்டை உச்சத் துடிப்புவரை நீட்டி, அங்கே என்ன வேகம் வரும், அதற்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்று ஊகிக்கிறது. எனவே உச்சத் துடிப்பு தவறானால் எல்லாமே தவறு. நாற்பத்திரண்டு வயதுக்காரருக்கு, 220இலிருந்து வயதைக் கழிக்கும் வழக்கமான சூத்திரம் 178 என்று சொல்லும். அவருடைய உண்மையான உச்சம் 190 என்று வைத்துக்கொள்ளுங்கள். 160 துடிப்பில் ஓடும்போது கடிகாரம் 90 சதவீத முயற்சி என்று நினைக்கும், உண்மையில் 84தான். ஆள் தவிப்பதாக நினைத்து எண்ணைக் குறைத்துக் காட்டும். அந்தச் சூத்திரம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு தப்புவது மிகச் சாதாரணம். அதேபோல மே மாத வெயிலில் துடிப்பு ஏறினால் எண் இறங்கும், டிசம்பரில் ஏறும். இதற்காகக் குழுவில் எவ்வளவு வருத்தமும் கொண்டாட்டமும்! வானிலைக்குக் கைதட்டுகிறோம்.

ஆய்வகத்துக்குப் போக வசதி இல்லாதவர்களுக்கு 1968இல் கென்னத் கூப்பர் அமெரிக்க விமானப்படையினரை வைத்து உருவாக்கிய பன்னிரண்டு நிமிட ஓட்டம் இன்றைக்கும் மோசமில்லை. 400 மீட்டர் தடத்தில், பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்த அளவு தூரம். அந்தத் தூரத்திலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுக்க வேண்டும். 2,400 மீட்டர் ஓடினால் 42.4. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் எண் குறைவாக வரும் என்பது மட்டுமே இதன் பலவீனம், அதனால் இரண்டு மூன்று வாரம் பழகியபின் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே தடம், அதே நேரம், அதே மாதிரி வானிலை. இது போதும்.

ஏறிய எண்ணை நம்புவதற்கு முன் எடையையும் பாருங்கள். என் 3 லிட்டர் அப்படியே இருந்து, எடை மட்டும் 72இலிருந்து 68ஆகக் குறைந்தால் எண் 41.7இலிருந்து 44.1 ஆகிவிடும். இதயம் ஒரு சொட்டுக்கூட அதிகமாகத் தள்ளவில்லை. ஓட்டத்துக்கு அது நல்லதுதான், சுமை குறைந்தது. ஆனால் இன்டர்வல் வேலை செய்தது என்று அதைக் காட்டிப் பேசக் கூடாது.

இவ்வளவும் செய்து ஏறாவிட்டால்? ஹெரிடேஜ் என்ற பெரிய குடும்ப ஆய்வில், உடற்பயிற்சியே செய்யாதவர்களுக்கு இருபது வாரம் ஒரே மாதிரி பயிற்சி கொடுத்தார்கள். சராசரி உயர்வு சுமார் 0.4 லிட்டர். சிலருக்கு ஒரு லிட்டர் வரை ஏறியது. சிலருக்கு ஏறக்குறைய ஒன்றும் ஏறவில்லை. இந்த வித்தியாசத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது பரம்பரையால் வருவது என்று 1999இல் கணித்தார்கள். அதைப் படித்துவிட்டு "என் ஜீன் அப்படி" என்று உட்கார்ந்தவர்கள் உண்டு. 2017இல் மான்டெரோ, லுண்ட்பி ஆகிய இருவர் வேறொன்றைக் காட்டினார்கள். வாரத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து முறை வரை வெவ்வேறு அளவில் ஆறு வாரம் பயிற்சி. குறைந்த அளவில் பயிற்சி செய்தவர்களில் பலருக்கு உடல்தகுதி ஏறவில்லை. அவர்களுக்கு வாரத்துக்கு இன்னும் இரண்டு நாள் கூட்டி மேலும் ஆறு வாரம் கொடுத்தபோது எல்லோருக்கும் ஏறியது. எவ்வளவு ஏறும் என்பதில் பரம்பரைக்குப் பங்குண்டு. ஏறவே ஏறாது என்பது பெரும்பாலும் பயிற்சி போதவில்லை என்பதுதான்.

எண்ணைத் துரத்துகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்வேன். இரண்டு மணி நேரத்துக்குள் மாரத்தானை முடிக்கும் முயற்சிக்காகச் சோதிக்கப்பட்ட உலகத்தரமான பதினாறு ஆண்களின் சராசரி 71தான். அவர்களுக்குள்ளேயே அறுபதுகளில் இருந்தவரும் உண்டு, எண்பதுகளில் இருந்தவரும் உண்டு. உச்சத்தைச் சில நிமிடங்களுக்கு மேல் யாராலும் தாங்க முடியாது. பத்து கிலோமீட்டரில் அந்த உச்சத்தின் எத்தனை பங்கைத் தாங்குகிறீர்கள், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கிறீர்கள் என்பவை தனிக் கணக்குகள். சில வருடம் ஓடியபின் உச்சம் நின்றுவிடும். அதற்குப் பிறகும் வேகம் கூடிக்கொண்டே போகிறவர்களுக்கு இந்த இரண்டில்தான் ஏறுகிறது.

கடைசியாக, ஏறியதைக் காப்பாற்றுவது. பயிற்சியை முழுக்க நிறுத்தினால் நன்கு பழகியவருக்கே மூன்று வாரத்துக்குள் சுமார் 7 சதவீதம் போய்விடுகிறது, முதலில் வற்றுவது பிளாஸ்மா. ஆனால் ராபர்ட் ஹிக்சன் 1980களில் காட்டியபடி, வாரத்துக்கு ஆறு நாள் பயிற்சி செய்து ஏற்றியவர்கள் அதை இரண்டு நாளாகக் குறைத்தும், பதினைந்து வாரத்துக்கு எண்ணை இழக்கவில்லை. ஒரே நிபந்தனை, ஓடும் அந்த இரண்டு நாளும் பழைய கடுமையில் ஓட வேண்டும். நாள்களைக் குறைக்காமல் கடுமையைக் குறைத்தபோதுதான் எண் இறங்கியது. அதனால் நவம்பர் மழையில் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது நான் விடுவது நீண்ட ஞாயிறு ஓட்டத்தை. நான்கு நிமிட ஓட்டத்தை மட்டும் பக்கத்து ஜிம்மின் ட்ரெட்மில்லில் வாரம் இரண்டு முறை ஓடிவிடுவேன்.